‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதிய மூன்று தாள்கள்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் மரபணுப் பாடம் முடிந்ததும் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு பயிற்சித்தாள் கொடுப்பார்கள். டி.என்.ஏ.வில் இருக்கும் எழுத்துகளை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க வேண்டும். பிறகு அதை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்து, எந்த மூன்றுக்கு எந்த அமினோ அமிலம் என்று அட்டவணையில் பார்த்து எழுத வேண்டும். இதற்கு அரிவாள் செல் சோகையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் இந்த நோய் வருகிறது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தப் பண்பு இருப்பது 1952லேயே பதிவானது என்பதால், தமிழ்நாட்டு மாணவருக்கு இது எங்கோ ஆப்பிரிக்காவில் நடக்கும் கதையும் அல்ல.

தாளில் இரண்டு இழைகள் இருக்கும். முதலாவது நலமானவருடையது, இரண்டாவது நோயுள்ளவருடையது. இரண்டுமே வார்ப்புரு இழைகள், அதாவது எதை எதிரே வைத்துப் படியெடுக்கிறோமோ அந்த இழைகள்.

```
இழை 1   3'-TAC CAC GTA GAC TGA GGA CTC CTC-5'
இழை 2   3'-TAC CAC GTA GAC TGA GGA CAC CTC-5'
```

ஏழாவது தொகுதியைப் பாருங்கள். மேலே CTC, கீழே CAC. இருபத்து நான்கு எழுத்துகளில் மாறியிருப்பது அது ஒன்றுதான். கேள்வி இதுதான்: ‘இரண்டு இழைகளிலிருந்தும் வரும் அமினோ அமில வரிசையை எழுதுக. என்ன வித்தியாசம்?’

படியெடுக்கும் விதி நான்கே வரி. டி.என்.ஏ.வில் G இருந்தால் எதிரே C. C இருந்தால் எதிரே G. T இருந்தால் எதிரே A. A இருந்தால் எதிரே U. ஆர்.என்.ஏ.வில் T என்ற எழுத்து கிடையாது, அந்த வேலையை U செய்கிறது. இப்படி முதல் இழையைப் படியெடுத்தால் வருவது:

```
5'-AUG GUG CAU CUG ACU CCU GAG GAG-3'
```

மூன்று எழுத்துகள் கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் கோடான் என்று பெயர். அட்டவணையில் பார்த்தால் மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் என்று வரும். இரண்டாம் இழையில் ஏழாவது இடத்தில் மட்டும் GAGக்குப் பதிலாக GUG வரும். குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் உட்காரும். குளூட்டாமிக் அமிலம் மின்னேற்றம் கொண்டது, நீரோடு ஒத்துப்போவது. வாலின் நீரை ஒதுக்குவது. ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இந்த வாலின் இருக்கும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது. வெர்னன் இங்கிராம் கேம்பிரிட்ஜில் 1956ல் இந்த அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தபோது கோடான் அட்டவணை என்ற ஒன்றே இருக்கவில்லை. அதை மார்ஷல் நிரன்பெர்க், ஹர் கோவிந்த் கொரானா முதலியோர் 1960களில்தான் எழுத்தெழுத்தாகக் கண்டறிந்தார்கள்.

திருத்த உட்கார்ந்தால் ஒரு கட்டில் சில தாள்களாவது கடைசி வரியில் ‘வித்தியாசம் இல்லை’ என்று சொல்லும். கேள்வியே வித்தியாசத்தைப் பற்றியதுதானே, பிள்ளை கவனமில்லாமல் எழுதியிருக்கிறது என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். அப்படிப் போகக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தத் தாளை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்தால், மாணவர் எந்த இடத்தில், எதை, என்னவென்று நினைத்தார் என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். ஒரே விடைக்கு மூன்று வேர்கள் இருக்க முடியும்.

முதல் தாளில் படியெடுத்த வரி இப்படி இருந்தது:

```
இழை 1   UUG GUG CUU CUG UCU CCU GUG GUG
இழை 2   UUG GUG CUU CUG UCU CCU GUG GUG
```

இதில் ஒரு A கூட இல்லை. அதுதான் துப்பு. வார்ப்புரு இழையில் எத்தனை T இருக்கிறதோ அத்தனை A ஆர்.என்.ஏ. வரியில் இருந்தாக வேண்டும். முதல் இழையில் ஐந்து T, எனவே ஐந்து A வரவேண்டும். இங்கே ஒன்றுகூட இல்லையென்றால், மாணவர் T வந்த இடத்திலெல்லாம் U போட்டிருக்கிறார். A வந்த இடத்தில் U போட்டது சரி. ஆக A, T இரண்டுக்கும் U.

இதன் விளைவைப் பாருங்கள். நலமான இழையில் ஏழாவது தொகுதி CTC. இந்த மாணவரின் விதிப்படி அது GUG ஆகிறது. அதாவது நலமானவருக்கே வாலின் வந்துவிட்டது. நோயுள்ள இழையில் CAC, அதுவும் GUG. ஒரு T, ஒரு A ஆக மாறியதால் வந்த நோய் இது. அந்த இரண்டு எழுத்துகளையும் ஒன்றாக்கிவிட்ட பிறகு, எந்த மாற்றத்தைக் காட்டுவதற்காகத் தாள் தயாரிக்கப்பட்டதோ அந்த மாற்றமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘வித்தியாசம் இல்லை’ என்று அந்தப் பெண் எழுதியது அவள் கையில் இருந்த வரியைப் பொறுத்தவரை முற்றிலும் சரி.

அவளைக் கூப்பிட்டு, ‘இந்த Tக்கு எதிரே ஏம்மா U போட்டே?’ என்று கேட்டால் பதில் உடனே வரும்: ‘ஆர்.என்.ஏ.ல Tக்குப் பதிலா U வரும்னு சொன்னீங்களே மிஸ்.’

எல்லா வகுப்பிலும் சொல்லப்படும் வாக்கியம் அது. தவறான வாக்கியமும் இல்லை. ஆனால் அதில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆர்.என்.ஏ.வின் எழுத்துவரிசையில் Tயின் இடத்தை U பிடித்திருக்கிறது என்பது ஒன்று. வார்ப்புருவில் ஒரு எழுத்தைப் பார்த்தால் எதிரே என்ன எழுதுவது என்பது வேறு. முதலாவது எந்த எழுத்துகள் உண்டு, எவை இல்லை என்று சொல்வது. இரண்டாவது எது எதோடு சேரும் என்று சொல்வது. மாணவி முதலாவதை இரண்டாவதன் இடத்தில் வைத்துவிட்டாள். ‘A பார்த்தால் U, T பார்த்தால் A’ என்று ஜோடியாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் எழ இடமில்லை. பதிலீடு என்ற பேச்சையே ஜோடிகள் பழகிய பிறகு எடுப்பது நல்லது.

சரி, இந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண்? விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் இழைக்கான கோடான்களை ஒப்பிட்டால் எட்டில் ஐந்து தப்பு. அமினோ அமிலங்களும் எட்டில் ஐந்து தப்பு. அவள் எழுதியது லியூசின், வாலின், லியூசின், லியூசின், செரைன், புரோலின், வாலின், வாலின். அப்படியே கூட்டினால் பாதிக்கும் கீழே போய்விடுவாள். ஆனால் அவள் செய்த தவறு ஒன்றுதான், அது ஐந்து இடத்தில் திரும்ப வந்திருக்கிறது. அவள் எழுதிய ஆர்.என்.ஏ. வரியை எடுத்துக்கொண்டு அட்டவணையில் பார்த்தால், UUG லியூசின்தான், CUU லியூசின்தான், UCU செரைன்தான். எட்டு கோடான்களையும் பிழையில்லாமல் வாசித்திருக்கிறாள். கோடான் வாசிப்பு என்ற திறன் அவளிடம் முழுமையாக இருக்கிறது. எனவே படியெடுத்தலுக்கு உரிய பகுதியில் குறைத்துவிட்டு, மொழிபெயர்ப்புப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பதே நியாயம். ஒவ்வொரு வரியையும் விடைக்குறிப்போடு ஒப்பிடாமல், அதற்கு மேலே மாணவரே எழுதிய வரியோடு ஒப்பிட வேண்டும். கணக்கு வாத்தியார்கள் முதல் படியில் கூட்டல் பிழை இருந்தாலும் பின்வரும் படிகள் முறையாக இருந்தால் மதிப்பெண் கொடுப்பார்களே, அதே முறைதான்.

இரண்டாவது தாளில் ஆர்.என்.ஏ. வரி இப்படி:

```
UAC CAC GUA GAC UGA GGA CUC CUC
```

இதில் எதிரெழுத்து எதுவும் இல்லை. டி.என்.ஏ. வரியை அப்படியே பார்த்து எழுதி, T இருந்த இடத்தில் மட்டும் U போட்டிருக்கிறார். முதல் தாளின் அதே வாக்கியம்தான் இங்கும் வேலை செய்திருக்கிறது, இன்னும் ஒரு படி கூடுதலாக. அமினோ அமிலங்கள் டைரோசின், ஹிஸ்டிடின், வாலின், அஸ்பார்டிக் அமிலம் என்று போய், ஐந்தாவதில் UGA வருகிறது. அது நிறுத்தக் கோடான். அங்கே சங்கிலி முடிகிறது. மாணவர் அதை மதித்து நிறுத்திவிட்டார். இரண்டாம் இழையிலும் ஐந்தாவது வரை எந்த மாற்றமும் இல்லை, அதிலும் அதே இடத்தில் நிறுத்தம். மாறிய ஏழாவது இடத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. அதனால் ‘வித்தியாசம் இல்லை’.

மூன்றாவது தாளும் டைரோசின், ஹிஸ்டிடின், வாலின், அஸ்பார்டிக் அமிலம், நிறுத்தம் என்றே முடிகிறது. கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தப்பு, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகக்கூடத் தோன்றும். ஆனால் மூன்றாவது தாளின் நடுவரியைப் பார்த்தால் AUG GUG CAU என்று ஆர்.என்.ஏ. அட்சரம் பிசகாமல் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: UAC CAC GUA. அது டி.ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடான். அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வரும் டி.ஆர்.என்.ஏ., கோடானோடு பொருந்துவதற்காகக் காட்டும் மூன்றெழுத்து. மாணவர் அதையும் சரியாகவே எழுதிவிட்டு, அட்டவணைக்கு அந்த வரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அட்டவணை தயாரிக்கப்பட்டது எம்.ஆர்.என்.ஏ.வின் கோடான்களுக்காக. எதிர்க்கோடானை அதில் தேடினால் பெரும்பாலும் வேறொரு விடைதான் கிடைக்கும். வார்ப்புருவின் எதிர் ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.வின் எதிர் எதிர்க்கோடான். இரண்டு முறை திருப்பினால் முதலில் இருந்த எழுத்துகளே திரும்ப வரும், T மட்டும் U ஆகியிருக்கும். எனவேதான் படியெடுக்கவே செய்யாத மாணவரும், படியெடுத்து ஒரு படி கூடுதலாகப் போன மாணவரும் ஒரே விடையில் வந்து நிற்கிறார்கள். முன்னவருக்கு எழுத்துப் பொருத்தத்தைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னவருக்கு அது தேவையே இல்லை, அட்டவணையின் தலையில் ‘எம்.ஆர்.என்.ஏ. கோடான்’ என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினால் போதும். நடுவரிகளை எழுதாமல் நேராக அமினோ அமிலத்தை எழுதச் சொல்லும் தாள்களை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். அவற்றில் இந்த இருவரையும் பிரித்தறிய வழியே இல்லை.

இந்த இரு மாணவரிடமும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. முழுமையான பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். நலமான மனிதரின் மரபணுவில் நான்காவதோடு நிறுத்தம் வருமா? சங்கிலி மெத்தியோனினில் தொடங்காததும் இன்னொரு எச்சரிக்கை. தொடக்கக் கோடான் AUG என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். தங்கள் வரி UAC என்றோ UUG என்றோ தொடங்கும்போது அங்கேயே நின்றிருக்கலாம். தாளின் ஓரத்தில் திருத்துபவர் எழுதும் குறிப்பு இப்படிப்பட்ட கேள்வியாக இருந்தால் மாணவர் தானே திரும்பிப் போய்ப் பார்ப்பார். எட்டு இடத்திலும் சிவப்பு வட்டம் போட்டால் எதைத் திருத்துவது என்றே அவருக்குத் தெரியாது. முதலில் தடம் மாறிய இடத்தில் ஒரே ஒரு வட்டம் போதும்.

சரியாக வந்த விடைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. கோடானை வலமிருந்து இடமாக வாசிக்கும் மாணவர்கள் உண்டு. அப்படி வாசித்தால் AUG, GUA ஆகி மெத்தியோனினுக்குப் பதில் வாலின் வரும். CAU, UAC ஆகி டைரோசின் வரும். ஆனால் GAG எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் GAGதான். GUGயும் அப்படியே. நோயைத் தீர்மானிக்கும் அந்தக் கோடானில் திசைப்பிழை தெரியவே தெரியாது. முன்வரிகளில் முழுக்கத் தடுமாறிய மாணவர் ஏழாவது இடத்தில் மட்டும் குளூட்டாமிக் அமிலம், வாலின் என்று கச்சிதமாக எழுதியிருந்தால் அவர் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல லியூசினுக்கு CUவில் தொடங்கும் நான்கு கோடான்கள், வாலினுக்கு GUவில் தொடங்கும் நான்கு. மூன்றாவது எழுத்தைத் தப்பாகப் பார்த்தாலும் அமினோ அமிலம் சரியாகவே வரும்.

அட்டவணையிலேயே வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் எழுத்து இடது ஓரத்தில், இரண்டாவது மேலே, மூன்றாவது வலது ஓரத்தில். இடதையும் மேலையும் மாற்றிப் பார்ப்பவருக்கு AUG, UAG ஆகிவிடும். அது நிறுத்தம். முதல் கட்டத்திலேயே நிறுத்தம் என்று எழுதிய தாளைக் கண்டால், பிழை பெரும்பாலும் இதுதான். அவருக்குப் புரோலின் மட்டும் சரியாக வரும், CCUவில் முதல் இரண்டும் ஒன்றே என்பதால்.

மாணவர் பக்கம் தப்பே இல்லாமல் குறையும் மதிப்பெண்களும் உண்டு. ‘எத்தனையாவது அமினோ அமிலம் மாறியது?’ என்ற கேள்விக்கு விடைக்குறிப்பில் ஆறு என்று இருக்கும். பாடநூல்களும் ஆறு என்றே சொல்லும். தாளில் எண்ணினால் ஏழு. சங்கிலி உருவாகும்போதே தொடக்கத்தில் இருக்கும் மெத்தியோனின் நீக்கப்படுகிறது, அதனால் முதிர்ந்த புரதத்தில் ஆறாவது. கோடான் வரிசையில் ஏழாவது. ஏழு என்று எழுதியவர் கண்ணால் பார்த்து எண்ணியிருக்கிறார், அவருக்கு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, இழையின் இரு முனைகளிலும் 5', 3' என்று குறிக்காமல், வார்ப்புருவா எதிரிழையா என்றும் சொல்லாமல் தயாரிக்கப்பட்ட தாள்கள். அதில் அப்படியே எழுதி T இடத்தில் U போட்ட மாணவரைத் தப்பு என்று சொல்லவே முடியாது. எதிரிழையைக் கொடுத்திருந்தால் அதுதான் சரியான முறை.

திருத்தி முடித்த மறுநாள் முழுத் தாளையும் திரும்ப எழுதச் சொல்வதைவிட, ஒரு சின்ன இழையைக் கரும்பலகையில் எழுதுவது பலன் தரும். இது நான் பயன்படுத்துவது, எந்த மரபணுவிலிருந்தும் எடுத்ததல்ல:

```
3'-TAC AAG CGT TTG ATC-5'
```

சரியாகச் செய்தால் AUG UUC GCA AAC UAG. மெத்தியோனின், ஃபீனைல் அலனின், அலனின், அஸ்பராஜின், நிறுத்தம். Tக்கு U போடுபவருக்கு லியூசினில் தொடங்கி லியூசினில் முடியும், நிறுத்தமே வராது. அப்படியே பார்த்து எழுதுபவருக்கும், எதிர்க்கோடானைத் தேடுபவருக்கும் டைரோசினில் தொடங்கி ஐசோலியூசினில் முடியும். வலமிருந்து வாசிப்பவருக்கு வாலினில் தொடங்கி அஸ்பார்டிக் அமிலத்தில் முடியும். அட்டவணையில் ஓரத்தையும் மேலையும் மாற்றுபவருக்கு முதலிலேயே நிறுத்தமும் கடைசியில் மெத்தியோனினும் வரும். ஐந்து கோடான்தான், வகுப்பில் நடந்துகொண்டே முதல் விடையையும் கடைசி விடையையும் பார்த்தால் யாரிடம் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். டைரோசின் என்று எழுதியிருப்பவரிடம் மட்டும் நடுவரியையும் காட்டச் சொல்ல வேண்டும்.